493ஆம் பக்கம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் மகள் கூப்பிட்டாள். சுற்றுச்சூழல் அறிவியல் இளங்கலை, கடைசி வருடம். இமயமலைப் பனிப்பாறைகளும் வட இந்திய நதிகளும் என்று ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாளாம், மறுநாள் கொடுக்க வேண்டுமாம். "சித்தப்பா, கட்டுரை எல்லாம் முடிஞ்சிருச்சு. ரெஃபரன்ஸ் மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க. ஏபிஏ ஸ்டைல் கேட்டிருக்காங்க" என்றாள். ஏபிஏ என்பது சான்றுகளை எழுத அமெரிக்க உளவியல் கழகம் வகுத்த முறை. சரி, அனுப்பு என்றேன். அனுப்பிய பிறகும் அந்த 'மட்டும்' எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. 2009இல் நானும் இதே தலைப்பில், இதே 'மட்டும்' மனநிலையோடு ஒரு கட்டுரை எழுதினேன். அதில் நடந்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம்.

அப்போது நான் முதுகலை இரண்டாம் ஆண்டு. கட்டுரையின் இரண்டாவது பத்தியில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: இப்போதைய வேகத்தில் போனால் இமயமலைப் பனிப்பாறைகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும். முடிவில் அடைப்புக்குறி போட்டு ஐபிசிசி, 2007 என்று சேர்த்திருந்தேன். ஐபிசிசி என்பது காலநிலை மாற்ற ஆய்வுகளை மதிப்பிட்டு அறிக்கை தரும் ஐ.நா. குழு. அந்த வருடம் இந்தத் தகவலைச் சொல்லாத பத்திரிகை இல்லை. நானும் ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பிலிருந்துதான் எடுத்தேன். ஆனால் நாளிதழ் பெயரைப் போட்டால் எடுபடாது என்று எனக்குத் தெரியும். செய்தியில் ஐபிசிசி என்று இருந்தது, அதையே போட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் அப்படித்தான் செய்தான். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

திருத்தி வந்த தாளில் அந்த அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் சார் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: "பக்கம்?" மற்ற இருபத்துச் சொச்சம் சான்றுகளை விட்டுவிட்டு இதை மட்டும் கேட்டிருந்தார். கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் அறைக்குப் போனால், "தம்பி, ஐபிசிசி 2007ன்னா மூணு தடி புத்தகம், அப்புறம் ஒரு தொகுப்பறிக்கை. இதுல எது, எத்தனாவது பக்கம்? நான் தேடிப் பார்க்கணும்னா எங்க தேடுவேன்?" என்றார். கோபமெல்லாம் இல்லை. திருத்திக் கொண்டுவா என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்தேன். இரண்டாம் பணிக்குழுவின் தொகுதி, ஆசியா பற்றிய பத்தாவது அத்தியாயம். பிடிஎஃப் இறங்கி முடிக்கவே அரை மணி நேரம் ஆனது. தேடு பெட்டியில் 2035 என்று போட்டேன், 493ஆம் பக்கத்தில் போய் நின்றது. உலகில் வேறெந்தப் பகுதியையும் விட இமயத்தில் பனிப்பாறைகள் வேகமாகப் பின்வாங்குகின்றன, இந்த வேகம் தொடர்ந்தால் 2035க்குள் அவை மறைந்துபோக மிக அதிக வாய்ப்பு என்று ஒரு வாக்கியம். அடுத்து, அவற்றின் பரப்பு 5,00,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 1,00,000 ஆகச் சுருங்கும் என்று இன்னொன்று. அந்த இரண்டாவது வாக்கியத்தின் கடைசியில் ஓர் அடைப்புக்குறி: டபிள்யூடபிள்யூஎஃப், 2005.

எனக்கு அப்போது வந்தது சந்தோஷம் மட்டும்தான். பக்கம் கிடைத்துவிட்டது. 493 என்று கையில் எழுதிக்கொண்டேன், வீட்டுக்கு வந்தேன், தாளில் சேர்த்தேன், கொடுத்தேன். சாரும் வாங்கி டிக் போட்டார். அந்த அடைப்புக்குறியை என் கண் பார்த்தது, ஆனால் நான் படிக்கவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பிய வாரத்தில் செய்தி வந்தது. 2010 ஜனவரி 20ஆம் தேதி ஐபிசிசி ஓர் அறிக்கை வெளியிட்டு, அந்தப் பத்தியில் சொன்ன வேகமும் தேதியும் சரியான ஆதாரம் இல்லாதவை என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. என் தாள் அப்போது துறை அலமாரியில், டிக் போட்டு, பக்க எண்ணோடு, எல்லாம் கச்சிதமாக இருந்தது.

அந்தச் சங்கிலி

அதற்குப் பிறகுதான் அந்தப் பத்தியைச் சரியாக உட்கார்ந்து படித்தேன். இத்தனைக்கும் படித்தால் தெரியக்கூடியதுதான்.

முதலில் அந்த அடைப்புக்குறி. அந்த அத்தியாயத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரு மலைத்தொடரின் பனி முழுவதும் இருபத்தெட்டு வருடத்தில் போய்விடும் என்ற இவ்வளவு பெரிய செய்திக்கு மட்டும் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் அறிக்கை சான்றாக நிற்கிறது. அப்படிப்பட்ட அறிக்கைகளைப் பயன்படுத்தவே கூடாது என்று ஐபிசிசியின் விதி சொல்லவில்லை. ஆனால் பனிப்பாறையை அளந்தவர் ஒருவராவது அங்கே இருக்க வேண்டாமா? யாரும் இல்லை என்பதே ஒரு தகவல். இதே வாக்கியத்துக்குப் பின்னால் சதுர அடைப்பில் 17 என்று ஓர் எண் மட்டும் இருந்திருந்தால், அதைக் கண்டுபிடிக்க நான் அத்தியாயத்தின் கடைசிக்குப் போயிருக்க வேண்டும். பெயரும் ஆண்டும் போடும் முறையில் அது வாக்கியத்தின் வாசலிலேயே நிற்கிறது. யார் சொன்னது, எப்போது சொன்னது என்ற இரண்டும் படிக்கிற ஓட்டத்திலேயே கண்ணில் படும். இந்த முறைக்கு எட்வர்ட் லாரன்ஸ் மார்க் என்ற ஹார்வர்டு விலங்கியலாளரை மூலவராகச் சொல்வார்கள். 1881இல், தோட்டத்து ஓடில்லா நத்தை ஒன்றின் முட்டை வளர்ச்சி பற்றிய நீண்ட கட்டுரையில் அவர் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் வைத்தார். இன்று நம் மாணவர்கள் ஹார்வர்டு ஸ்டைல், ஏபிஏ ஸ்டைல் என்று அலறுவதற்கெல்லாம் பின்னால் ஒரு நத்தை இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் ஒரு சின்ன ஆறுதல்.

இரண்டாவது, அந்த 5,00,000. இமயத்தையும் காரகோரத்தையும் சேர்த்தே பனிப்பாறைப் பரப்பு சுமார் 40,800 சதுர கிலோமீட்டர் என்று போல்ச்சும் மற்றவர்களும் 2012இல் கணக்கிட்டார்கள். பத்தில் ஒரு பங்குகூட வராத இடத்தில் ஐந்து லட்சம் எப்படி வந்தது? காக்லியும் மற்ற மூவரும் 2010இல் சயன்ஸ் இதழுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துப் போனார்கள். 1996இல் யுனெஸ்கோ வெளியிட்ட ஒரு தொகுப்பில் கோட்லியாகோவ் என்ற ரஷ்யப் பனியியலாளர் சொன்ன எண் அது. அவர் சொன்னது துருவங்களுக்கு வெளியே உலகம் முழுக்க உள்ள பனிப்பாறைகளைப் பற்றி. அவர் போட்ட ஆண்டு 2350. கடைசியில் இருந்த பூஜ்யம் இடம் மாறி 2035 ஆயிற்று, உலகம் இமயமாயிற்று. மற்ற வாக்கியம் வேறு வழியாக வந்தது. அச்சேறாத ஓர் ஆய்வைப் பற்றி 1999இல் பத்திரிகையில் வந்த செய்தி, அதிலிருந்து 2005 அறிக்கை, அங்கிருந்து 2007. அந்த ஆய்வு தேதி எதையும் கணிக்கவே இல்லை என்கிறார்கள் காக்லி குழுவினர். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் முந்தையவரை நம்பி அடைப்புக்குறி போட்டிருக்கிறார். கடைசிக் கண்ணி நான்.

மூன்றாவதுதான் என்னை இன்றும் உறுத்துவது. அந்தப் பத்தி ஓர் அட்டவணையைப் பார்க்கச் சொல்கிறது. அதில் பிண்டாரி பனிப்பாறை 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியதாகவும், வருடத்துக்கு 135.2 மீட்டர் என்றும் இருக்கிறது. 1845க்கும் 1966க்கும் நடுவில் 121 வருடம். 2,840ஐ 121ஆல் வகுத்தால் 23.5தான் வரும். 135.2 எங்கிருந்து வரும் என்றால் 21ஆல் வகுத்தால் வரும். யாரோ கணக்குப் போடும்போது நூறு வருடத்தைத் தொலைத்துவிட்டார்கள். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் கால்குலேட்டர் இருந்தது. எனக்குத் தேவைப்பட்டது ஒரு பக்க எண் மட்டும் என்பதால் நான் அதைத் திறக்கவில்லை.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அதே 2007இல் ஐபிசிசியின் முதல் பணிக்குழு வெளியிட்ட தொகுதியில் பனி, பனிப்பாறை, உறைநிலம் இவற்றுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. லெம்கேயும் பிறரும் எழுதியது. அதில் இந்த 2035 கிடையாது. பனியைத் தெரிந்தவர்கள் எழுதிய அத்தியாயத்தில் இல்லாதது, ஆசியாவின் பாதிப்புகளைப் பற்றிய அத்தியாயத்தில் இருந்தது. ஐபிசிசி, 2007 என்று நான் போட்ட சான்று இந்த இரண்டு அத்தியாயத்தையும் ஒரே பெயருக்குள் அடக்கி, இருந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டது. சரியாகப் போட்டிருந்தால் அது இப்படி இருந்திருக்கும்:

```
(Cruz et al., 2007, p. 493)
```

அத்தியாயத்துக்கு ஆசிரியர்கள் இருக்கும்போது அவர்கள் பெயர்தான் அடைப்புக்குறிக்குள் வர வேண்டும், தொகுதியை வெளியிட்ட அமைப்பின் பெயர் அல்ல. பட்டியலில் அத்தியாயத் தலைப்பு, தொகுப்பாசிரியர்கள், தொகுதித் தலைப்பு, 469 முதல் 506 வரை என்று அத்தியாயப் பக்கங்கள், பதிப்பகம். இதை எழுத உட்கார்ந்தாலே அத்தியாயத்தைத் திறந்தாக வேண்டும். நாளிதழிலிருந்து எடுத்துக்கொண்டு இந்த வரியை எழுத முடியாது. சார் அந்தப் பென்சில் சொல்லால் கேட்டது இதைத்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஒருவேளை அவர் சும்மா பக்கம்தான் கேட்டாரோ என்னவோ.

அவள் அனுப்பிய கட்டுரை

அண்ணன் மகளின் கட்டுரையில் 31 சான்றுகள். பார்க்க அழகாக இருந்தது. பெயர், ஆண்டு, கமா, புள்ளி எல்லாம் ஏறத்தாழ சரி. மூன்றாவது பக்கத்தில் ஒரு வாக்கியம்: இமயப் பனிப்பாறைகள் உருகித் தீர்ந்தால் கங்கை வறண்டுவிடும். சான்று, இம்மர்சீல் எட் அல்., 2010, அதாவது இம்மர்சீலும் பிறரும் 2010இல் எழுதியது.

இது சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை. பலரும் எடுத்தாளுவது, தலைப்பில் 'ஆசியாவின் நீர்க்கோபுரங்கள்' என்று வருவதால் பனி பற்றி எழுதுகிற எல்லார் கண்ணிலும் படுவது. இரண்டே நிமிடம் செலவழித்து அதன் சுருக்கத்தைப் படித்தால் என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். உருகுநீர் சிந்துப் படுகைக்கு மிக மிக முக்கியம், பிரம்மபுத்திராவுக்கும் முக்கியம், கங்கைக்கு அதன் பங்கு மிதமானதுதான் என்கிறது. கங்கையில் கீழே வர வர ஓடுவது பெரும்பாலும் பருவமழை கொண்டுவரும் தண்ணீர். ஆக அவள் சொன்னதற்குச் சான்றாகக் காட்டிய கட்டுரை, அவள் சொன்னதற்கு ஏறக்குறைய எதிராக நிற்கிறது.

"இதைப் படிச்சியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "ஒரு ரிவ்யூ பேப்பர்ல இப்படித்தான் போட்டிருந்துச்சு சித்தப்பா" என்றாள். அந்த ரிவ்யூ பேப்பரை வாங்கிப் பார்த்தேன். அதில் நான்கு வாக்கியம் கொண்ட ஒரு பத்தி, பத்தியின் கடைசியில் ஒரே அடைப்புக்குறிக்குள் மூன்று பெயர்கள். முதல் வாக்கியம் கங்கையைப் பற்றி, மூன்றாவது சிந்துவைப் பற்றி. இம்மர்சீல் எந்த வாக்கியத்துக்குச் சொந்தம் என்று அந்தப் பத்தியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவள் முதல் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, கடைசிப் பெயர்களில் ஒன்றை அதற்கு ஒட்டிவிட்டாள். தப்பு பாதி அவளுடையது, பாதி அந்தப் பத்தியை எழுதியவருடையது. பல சான்றுகளைப் பத்தி முடிவில் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவதால் வரும் வினை இது. ஒரு வாக்கியத்துக்குள்ளேயே இரண்டு நதி வந்தால்கூட, ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே அதற்குரிய அடைப்புக்குறியை வைப்பதில் ஒரு தடையும் இல்லை. ஏபிஏவும் அதைத்தான் எதிர்பார்க்கிறது.

அந்த வாக்கியத்தைச் சேர்ந்து உட்கார்ந்து திருத்தினோம். முதலில் அவள், உருகுநீரின் பங்கு சிந்துவில் மிக அதிகம், கங்கையில் மிதமானது என்று எழுதி, கடைசியில் அடைப்புக்குறி போட்டாள். அது போதும். ஆனால் அடுத்த வாக்கியத்தில் அதே கட்டுரையின் முறையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அங்கே பெயரை வாக்கியத்துக்குள்ளேயே கொண்டுவந்து, இம்மர்சீல் மற்றும் பிறர் இப்படிக் கணக்கிட்டார்கள் என்று சொல்லி, ஆண்டை மட்டும் அடைப்புக்குள் வைக்கச் சொன்னேன். தகவல் முக்கியமென்றால் பெயர் அடைப்புக்குள் போகும், ஆள் செய்த வேலை முக்கியமென்றால் பெயர் வெளியே வரும். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவது வெறும் அலங்காரம் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அந்தக் கட்டுரைக்கு ஆசிரியர்கள் மூன்று பேர். ஏபிஏ ஏழாம் பதிப்பில் மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் முதல் தடவையே முதல் பெயரும் எட் அல்லும் போதும். ஆறாம் பதிப்பில் முதல் தடவை மூவரையும் எழுத வேண்டியிருந்தது. அவள் சீனியரிடம் வாங்கிய மாதிரித் தாள் பழைய பதிப்பில் இருந்ததால் கட்டுரை பாதி அப்படியும் பாதி இப்படியும் இருந்தது. ஆனால் பட்டியலில் எட் அல். போட்டுச் சுருக்கக் கூடாது, அங்கே எல்லார் பெயரும் வர வேண்டும். ஏழாம் பதிப்பில் இருபது பேர் வரைக்கும்.

```
Immerzeel, W. W., van Beek, L. P. H., &
  Bierkens, M. F. P. (2010). Climate change
  will affect the Asian water towers.
  Science, 328(5984), 1382–1385.
  https://doi.org/10.1126/science.1183188
```

இதில் 328 என்பது தொகுதி எண், அடைப்புக்குள் இருப்பது இதழ் எண். வேர்டில் எழுதும்போது இதழின் பெயரும் தொகுதி எண்ணும் சாய்வெழுத்தில் வரும், இதழ் எண் நேரெழுத்தில். இரண்டாவது வரியிலிருந்து உள்ளே தள்ளி இருக்க வேண்டும், அப்போதுதான் இடது ஓரத்தில் பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்கும், தேடுகிறவன் விரல் வைத்துக்கொண்டு இறங்கலாம். கடைசியில் உள்ள, கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளமான டிஓஐ எண்ணை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். 31இல் இரண்டு வேறெங்கோ போய் நின்றன. ஒன்றில் கடைசி எண் விட்டுப்போயிருந்தது. இன்னொன்று முற்றிலும் வேறு கட்டுரையின் எண், ரிவ்யூ பேப்பரிலேயே அப்படித்தான் தப்பாக இருந்தது. பிழையும் சேர்ந்தே நகலாகும் என்பதற்கு இதைவிட நல்ல தடயம் கிடையாது.

மிஸ்டர் சேஞ்ச்

பட்டியலின் சி எழுத்து வரிசையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

```
Change, I. P. O. C. (2007). ...
```

சேஞ்ச் என்று குடும்பப் பெயரும் நான்கு இனிஷியலும் கொண்ட ஓர் அறிஞர்! அவர் வேறு யாருமில்லை, ஐபிசிசிதான். ரெஃபரன்ஸ் மென்பொருளுக்கு ஓர் அமைப்பின் பெயரைக் கொடுத்தால் அதை மனிதர் என்று நினைத்துக் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக்கி மீதியை இனிஷியலாக்கிவிடும். அச்சில் வந்த கட்டுரைகளிலேயே இந்தச் சேஞ்ச் அவர்களை நான் பல முறை சந்தித்திருக்கிறேன். ஸோடெரோவில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு கட்டத்தை ஒரே கட்டமாக்கும் ஒரு சின்னப் பொத்தான் உண்டு, அதை அழுத்தினால் சரியாகிவிடும். எண்ட்நோட்டில் அமைப்பின் பெயருக்குப் பின் ஒரு கமா போட வேண்டும். பிப்டெக்ஸ் பயன்படுத்துவோருக்கு இரட்டை வளைவடைப்பு:

```
author = {{Intergovernmental Panel on
           Climate Change}}
```

அவள் ஐபிசிசியின் இரண்டு தொகுதிகளைப் பயன்படுத்தியிருந்தாள், இரண்டுக்கும் ஒரே ஐபிசிசி, 2007. ஒரே ஆசிரியர், ஒரே ஆண்டு என்றால் 2007ஏ, 2007பி என்று பிரிக்க வேண்டும், எது ஏ என்பதைத் தலைப்பின் அகரவரிசை தீர்மானிக்கும். ஆனால் நாங்கள் பிரிக்கவில்லை. அவள் எடுத்தது அத்தியாயங்களிலிருந்து என்பதால் அத்தியாய ஆசிரியர்களின் பெயரையே போட்டோம். எழுத்து ஒட்டும் வேலையே தேவைப்படவில்லை.

நம்மவர்கள் பெயரில் வேறொரு சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் அப்பா பெயர். எம். எஸ். சுவாமிநாதன் என்றால் சுவாமிநாதன் முன்னால், இனிஷியல்கள் பின்னால் போய்விடும், அதில் குழப்பமில்லை. அப்பா பெயரையும் விரித்து எழுதிக்கொள்கிறவர்கள் வரும்போதுதான் எது அவர் பெயர், எது அப்பா பெயர் என்று மென்பொருளுக்குத் தெரியாது, பல நேரம் அப்பாவை ஆய்வாளராக்கிவிடும். அவர் எழுதிய வேறு கட்டுரைகளில் தன்னை எப்படிப் போட்டுக்கொள்கிறார் என்று பார்த்து அதையே பின்பற்றுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் இரண்டு பெயராக நின்றிருந்தார்.

அப்புறம் காகித வேலை. கட்டுரையைப் பிரிண்ட் எடுக்கச் சொன்னேன். பட்டியல் தனித்தாளில். கட்டுரையில் ஒவ்வோர் அடைப்புக்குறி வரும்போதும் பட்டியலில் அந்தப் பெயரையும் ஆண்டையும் தேடி டிக் போட வேண்டும். திரையில் செய்தால் கண் நம்பிக்கையோடு தாண்டிப் போய்விடுகிறது, காகிதத்தில்தான் பிடிபடும். முடித்துப் பார்த்தால் கட்டுரையில் இருந்து பட்டியலில் இல்லாதவை மூன்று. பட்டியலில் இருந்து கட்டுரையில் எங்குமே இல்லாதவை ஏழு. அந்த ஏழும் அவள் படித்தவையும் இல்லை, பட்டியல் நீளமாகத் தெரியட்டும் என்று சேர்த்தவை. எடுத்துவிடச் சொன்னேன். "கம்மியாத் தெரியுமே சித்தப்பா?" என்றாள். தெரியட்டும் என்றேன். இரண்டு இடத்தில் கட்டுரையில் 2012 என்றும் பட்டியலில் 2011 என்றும் இருந்தது. ஒன்று கட்டுரை இணையத்தில் முதலில் வந்த ஆண்டு, மற்றது இதழில் அச்சான ஆண்டு. ரெண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், தொகுதியும் பக்கமும் போடும்போது அச்சான ஆண்டுதான் பொருந்தும்.

இரவு பத்து மணிக்கு அவள் முன்னுரைக்குத் திரும்பினாள். என் கதையைக் கேட்டிருந்ததால் 2035 விவகாரத்தை ஒரு பத்தியாகச் சேர்க்க ஆசைப்பட்டாள். எழுதிக் காட்டினாள். நன்றாகவே எழுதியிருந்தாள், 2350, 2035, ஐந்து லட்சம் எல்லாம் இருந்தது. வாக்கியத்தின் முடிவில் கோட்லியாகோவ், 1996 என்று அடைப்புக்குறி. பட்டியலிலும் யுனெஸ்கோ தொகுப்பை முழு விவரத்தோடு சேர்த்துவிட்டாள்.

"அது எங்க கிடைச்சுது?" என்றேன்.

"நீங்கதானே சொன்னீங்க."

சரிதான். நான்தான் சொன்னேன். ஆனால் அந்த 1996 தொகுப்பை என் வாழ்நாளில் நான் கண்ணால் பார்த்ததில்லை. காக்லி குழுவினரின் கடிதத்தில் பார்த்ததைத்தான் பதினைந்து வருடமாக நேரில் பார்த்தவன் மாதிரி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதைச் சொன்னதும் அவள் சிரித்தாள். பட்டியலிலிருந்து யுனெஸ்கோ வரியை அழித்தோம். காக்லியின் கடிதத்தை அவள் இறக்கிப் படித்தாள், ஒரு பக்கம்தான். கட்டுரையில் இப்படி மாற்றினாள்:

```
(Kotlyakov, 1996, as cited in Cogley et al., 2010)
```

பட்டியலில் காக்லி மட்டும், சி எழுத்தில், மிஸ்டர் சேஞ்ச் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே. பிறகு அவள், "அந்த ஒரிஜினல் எந்த லைப்ரரியில இருக்கும் சித்தப்பா?" என்று கேட்டாள். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.